தறிக்கடன் தவணையை மாற்றக் கேட்டு வங்கி மேலாளருக்கு எழுதுவது எப்படி?

பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கம் தவணை தவறியவர்கள் முதலில் செய்வது, மேலாளரை நேரில் பார்த்து "சார், கொஞ்சம் டைம் குடுங்க" என்று கேட்பதுதான். அவரும் "பார்க்கலாம்" என்பார். அந்தப் பேச்சுக்கு எங்கும் பதிவு கிடையாது. அவர் மாற்றலாகிப் போனால் அதோடு போச்சு. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சிறுதொழில் கடன்களைச் சீரமைப்பதற்கு ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் ஒரு நடைமுறை வகுத்தது. அதன்படி மொத்தக் கடன் வரம்பு 10 லட்சம் வரை இருந்தால் கிளை மட்டத்திலேயே முடிவு செய்யலாம். அதற்கு மேல் போனால் வங்கியின் வட்டார அளவிலான குழுவுக்குப் போகும். அங்கே முடிவெடுப்பவர்கள் உங்கள் ஷெட்டைப் பார்த்ததில்லை, உங்களையும் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது உங்கள் கடிதமும் மேலாளரின் குறிப்பும் மட்டும்தான். கடிதத்தை அவர்களுக்காக எழுத வேண்டும்.

கீழே எடுத்துக்கொண்டிருப்பது ஒரு மாதிரிக் கணக்கு. பழைய ரேப்பியர் தறி ஆறு வாங்க 18 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 60 மாதம், தவணை 39,136 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கட்ட வேண்டும். கூலிக்கு நெய்யும் ஷெட். 22 தவணை ஒழுங்காகக் கட்டியாயிற்று. ஜூன், ஜூலை தவணைகள் நின்றுவிட்டன.

1. முதலில் நாள் கணக்கைப் பாருங்கள்

வங்கியின் கணினி, கட்டாமல் நிற்கும் தவணைகளில் மிகப் பழையது எதுவோ அதன் தேதியிலிருந்து நாளை எண்ணுகிறது. ஜூன் 5 தவணை நின்றால் அன்றே கணக்கு எஸ்.எம்.ஏ-0, அதாவது வங்கி தனியாகக் கவனிக்கும் கணக்குகளில் முதல் கட்டம். ஜூலை 5 அன்று எஸ்.எம்.ஏ-1, ஆகஸ்ட் 4 அன்று எஸ்.எம்.ஏ-2, செப்டம்பர் 3 அன்று என்.பி.ஏ, அதாவது வாராக்கடன். அதன்பிறகு, அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்பாசி சட்டத்தின் 60 நாள் நோட்டீஸ் அனுப்ப வங்கிக்கு வழி திறந்துவிடும். கடிதம் எழுத நல்ல நேரம் எஸ்.எம்.ஏ-0, எஸ்.எம்.ஏ-1 கட்டங்கள்தான். தவணை தவறும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தவறுவதற்கு முன்பே எழுதலாம், அந்த நடைமுறையில் அதற்கும் இடமிருக்கிறது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கையில் இருக்கும் பத்தாயிரம், பதினைந்தாயிரத்தைக் கணக்கில் போட்டுவிட்டு, "ஏதோ கட்டியிருக்கிறோம்" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். பழைய தவணை முழுசாகத் தீராதவரை நாள் எண்ணிக்கை நிற்காது. மாதிரிக் கணக்கில் ஜூலை 12 அன்று முழுத் தவணை ஒன்று கட்டினால் ஜூன் பாக்கி தீர்கிறது. அப்போது பழைய பாக்கி ஜூலை 5 ஆகிவிடும், என்.பி.ஏ தேதி அக்டோபர் 3க்குத் தள்ளிப்போகும். அபராதக் கட்டணம் முதலில் கழிக்கப்படுமா என்று கேட்டு, அதையும் சேர்த்துக் கட்டுங்கள். நூறு ரூபாய் குறைந்தாலும் தவணை தீராமல் நிற்கும்.

என்.பி.ஏ ஆனபிறகு விதி இன்னும் இறுக்கம். அப்போது ஒரு தவணை கட்டினால் போதாது. அசலும் வட்டியுமாக நின்ற பாக்கி முழுவதும் கட்டினால்தான் கணக்கு திரும்பவும் நல்ல கணக்காகும்.

இந்தத் தவணையைக் கட்ட மூணு ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்காதீர்கள். அது வருடத்துக்கு 36 சதவீதம். 11 சதவீதக் கடனைக் காப்பாற்ற அதை வாங்குவதில் கணக்கே இல்லை. சீட்டு எடுத்தது, கூலி பாக்கி வந்தது, இந்தக் கடனில் வாங்காத, ஓடாமல் கிடக்கும் பழைய தறியை விற்றது என்று வரும் பணமாக இருக்கட்டும்.

2. உங்களுக்கு மறுசீரமைப்பு தேவைதானா?

கடிதம் எழுதுவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், ஏனென்றால் மறுசீரமைப்புக்கு ஒரு விலை இருக்கிறது. நெருக்கடியால் தவணைக் காலத்தை நீட்டிச் சலுகை கொடுத்தால், அதுவரை நல்ல கணக்காக இருந்தாலும் பொதுவாக வங்கி அதை என்.பி.ஏ வகைக்கு இறக்கியாக வேண்டும். புதுத் தவணை தொடங்கி ஓராண்டு ஒழுங்காகக் கட்டினால்தான் மேலே ஏறும். சிபில் அறிக்கையிலும் மறுசீரமைத்த கடன் என்று பதிவாகும். அந்த ஓராண்டில் வேறு வங்கியில் புதுக்கடன் கிடைப்பது கஷ்டம்.

அதனால் சிக்கல் இரண்டு மூன்று மாதத்தில் தீரக்கூடியது, அதன்பின் பழைய தவணையையே கட்ட முடியும் என்றால் மறுசீரமைப்பு கேட்காதீர்கள். "நின்ற தவணைகளை இன்ன தேதிக்குள் இந்தப் பணத்திலிருந்து கட்டிவிடுகிறேன்" என்று எழுத்தில் உறுதி கொடுத்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ள ரிசர்வ் வங்கியின் அதே நடைமுறையில் இடமுண்டு. அதில் தவணைக் காலம் மாறுவதில்லை. 39,136 ரூபாயை இனி மாதாமாதம் கட்டவே முடியாது என்று கணக்கு சொன்னால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

3. வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

ஆடிட்டர் தயாரிக்கும் ஐந்தாண்டுத் திட்ட அறிக்கையைவிட, நீங்களே எழுதும் மூன்று வரி மாத வரவு செலவு அதிகம் உதவும். மாதிரி ஷெட்டின் கணக்கு இது.

முன்பு: கூலி வரவு 1,85,000. ஆள் சம்பளம், கரண்ட், ஆயில், உதிரிபாகம் எல்லாம் 1,20,000. வீட்டுச் செலவு 22,000. மிச்சம் 43,000. தவணை கட்ட முடிந்தது.

இப்போது: பாவு கொடுத்துவந்த இரண்டு உற்பத்தியாளர்களில் ஒருவர் ஏப்ரலில் இருந்து வேலையைக் குறைத்துவிட்டார். இரண்டு தறிகள் மாதத்தில் பாதிக்கு மேல் பாவில்லாமல் நிற்கின்றன. வரவு 1,40,000. செலவு 1,04,000. வீட்டுச் செலவு 22,000. மிச்சம் 14,000.

ஆறு மாதம் கழித்து: வேறொரு உற்பத்தியாளர் அந்த இரண்டு தறிக்குப் பாவு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் கூலி கொஞ்சம் குறைவு. வரவு 1,70,000. செலவு 1,13,000. வீட்டுச் செலவு 22,000. மிச்சம் 35,000.

வீட்டுச் செலவை மறைக்காதீர்கள். 5,000 என்று போட்டால் படிப்பவர் மற்ற எண்களையும் நம்பமாட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய 1,85,000 திரும்ப வந்துவிடும் என்றும் எழுதாதீர்கள். கையில் ஆதாரம் இருக்கும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

4. கேட்கும் தவணையைக் கணக்குப் போட்டுவிட்டுக் கேளுங்கள்

"தவணையைக் குறைத்துத் தாருங்கள்" என்று எழுதினால் அது வேண்டுகோளாகவே நின்றுவிடும். எவ்வளவு, எத்தனை மாதம், எந்த மாதத்திலிருந்து என்று நீங்களே எழுதினால் மேலாளர் அதை அப்படியே தன் பரிந்துரைக் குறிப்பில் சேர்க்க முடியும்.

ஜூன் தவணை கட்டியபின் அசல் பாக்கி 12,23,337 ரூபாய். கணக்குத் தாளில் கிடைக்கும் எண் இது, அபராதக் கட்டணம் தனி. இதற்கு ஒரு மாத வட்டி 11,214. இப்போதைய மிச்சம் 14,000 என்பதால் ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் கட்ட முடியும். அதற்குப் பிறகு அசலை எத்தனை மாதத்தில் கட்டுவது என்பதற்கு, செல்போனில் இருக்கும் கணக்குத் தாளில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=PMT(11%/12,54,-1223337)
```

விடை 28,824. மிச்சம் 35,000 வரும்போது இதைக் கட்டி 6,000 கையில் நிற்கும். 54க்குப் பதில் 42 போட்டால் தவணை 35,000ஐ எட்டிப்பிடிக்கிறது, ஒரு மாதம் தறி பழுதானாலும் தவறிவிடும். 72 போட்டால் தவணை இன்னும் குறையும். ஆனால் பழைய தறியின் ஆயுள் அத்தனை வருடம் வருமா என்று வங்கி கேட்கும். மிச்சத்தில் பதினைந்து இருபது சதவீதம் கையில் நிற்கிற மாதிரி கேட்பதுதான் நியாயமான கேள்வி.

இதனால் உங்களுக்குக் கூடுதலாக எவ்வளவு போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையபடி கட்டினால் மீதி 37 தவணைக்கு 14,48,032. புதுத் திட்டப்படி ஆறு மாத வட்டி 67,284, பிறகு 54 தவணைக்கு 15,56,496, ஆக 16,23,780. வித்தியாசம் ஏறக்குறைய 1,76,000 ரூபாய். கடன் முடிவது 23 மாதம் தள்ளிப்போகிறது. பின்னால் வேலை நன்றாக ஓடினால் முன்கூட்டி அசல் கட்டலாமா, அதற்குக் கட்டணம் உண்டா என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

5. காரணத்தை எழுதும் விதம்

"தொழில் மந்தம்", "நூல் விலை ஏற்றம்" என்ற இரண்டு வார்த்தையும் வட்டாரத்தில் வரும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். அதுவும் கூலிக்கு நெய்பவர் நூல் விலையைக் காரணம் காட்டினால் விவரம் தெரிந்த அதிகாரி சிரிப்பார். நூல் உற்பத்தியாளருடையது, உங்களுக்கு அதில் நேரடி நட்டம் இல்லை. எந்த மாதம், யார் கொடுத்த வேலை, எத்தனை தறி, வரவு எவ்வளவிலிருந்து எவ்வளவு என்று எழுதுங்கள்.

எழுதும் ஒவ்வொன்றும் இன்னொரு காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். அதிகாரிகள் முதலில் புரட்டுவது கரண்ட் பில்லை. தறி நின்றது என்கிறீர்கள், ஆனால் யூனிட் குறையவில்லை என்றால் வேலை நடக்கிறது, பணம் வேறு கணக்குக்குப் போகிறது என்றுதான் நினைப்பார்கள். கூலி உண்மையிலேயே வேறு வங்கிக் கணக்கில் வருகிறது என்றால் அதையும் சொல்லி, இனி இந்தக் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லியிருப்பதாக எழுதுங்கள். மறைத்து, பின்னால் தெரிந்தால் விண்ணப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

உங்கள் பக்கத் தவறு இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். விளக்கம் நீள வேண்டாம்.

6. கடிதம்

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலாளர் வெளிமாநிலத்துக்காரராக இருந்தால் தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதி ஒன்றும் இணைத்து, இரண்டிலும் கையெழுத்துப் போடுங்கள்.

> அனுப்புநர்: (பெயர், ஷெட் முகவரி, செல்போன் எண், உத்யம் பதிவு எண்)
>
> பெறுநர்: கிளை மேலாளர், (வங்கி, கிளை)
>
> நாள்: ஜூலை 14
>
> பொருள்: காலக்கடன் கணக்கு எண் ........ தவணையை மறுசீரமைக்க வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> ஆறு ரேப்பியர் தறிகள் வாங்கத் தங்கள் கிளையில் 18,00,000 ரூபாய் காலக்கடன் பெற்றேன். மாதத் தவணை 39,136 ரூபாய். முதல் 22 தவணைகளைத் தவறாமல் செலுத்தியுள்ளேன். ஜூன் தவணையை ஜூலை 12 அன்று செலுத்தினேன். ஜூலை 5 தவணை நிலுவையில் உள்ளது.
>
> எனக்குப் பாவு வழங்கிவந்த இரண்டு உற்பத்தியாளர்களில் ஒருவர் ஏப்ரல் முதல் வேலையைக் குறைத்துவிட்டார். இதனால் இரண்டு தறிகள் மாதத்தில் பாதிக்கு மேல் ஓடுவதில்லை. மாதக் கூலி வரவு 1,85,000 ரூபாயிலிருந்து 1,40,000 ரூபாயாகக் குறைந்துள்ளது. இதே நேரத்தில், மே மாதம் ஷெட் மேற்கூரைப் பழுதுக்கு 60,000 ரூபாய் செலவிட்டேன். தவணைக்கு ஒதுக்கிய பணத்தை அதற்கு எடுத்தது என் தவறு.
>
> செலவு போக இப்போது மாதம் 14,000 ரூபாய் மிஞ்சுகிறது. நின்ற இரு தறிகளுக்கும் வேலை தர வேறொரு உற்பத்தியாளர் ஒப்புக்கொண்டுள்ளார். அவருடைய கடிதத்தை இணைத்துள்ளேன். கூலி குறைவு என்பதால் வரவு 1,70,000 ரூபாய் வரைதான் உயரும் என எதிர்பார்க்கிறேன். அப்போது தவணைக்கு 35,000 ரூபாய் மிஞ்சும். பழைய தவணையான 39,136 ரூபாயைச் செலுத்த அது போதாது.
>
> எனவே கீழ்க்கண்டவாறு மாற்றித் தர வேண்டுகிறேன்:
>
> அ. ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு மாதங்களுக்கு வட்டி மட்டும், மாதம் சுமார் 11,214 ரூபாய்.
>
> ஆ. ஜனவரி முதல் 54 மாதங்களுக்கு மாதம் சுமார் 28,824 ரூபாய். வட்டி விகிதத்தில் மாற்றம் கேட்கவில்லை.
>
> இ. ஜூன், ஜூலை தவணைகளுக்கான அபராதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.
>
> என் பங்காக, கூலி வரவு முழுவதையும் தங்கள் கிளைக் கணக்கிலேயே பெறுகிறேன். கடன் முடியும்வரை தறிகளை விற்கவோ வேறிடம் மாற்றவோ மாட்டேன். தங்கள் முடிவு வரும்வரை மாதந்தோறும் 5ஆம் தேதிக்குள் வட்டித் தொகையைச் செலுத்துவேன். ஜாமீன்தாரர் இதற்குச் சம்மதித்துக் கீழே கையெழுத்திட்டுள்ளார்.
>
> ஷெட்டையும் கணக்குகளையும் எந்த வேலைநாளிலும் பார்வையிடலாம். முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)
>
> ஜாமீன்தாரர்: (பெயர், கையெழுத்து)

இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஒன்று, ஜாமீன் போட்டவரின் கையெழுத்து. அவர் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால் அவருடைய பொறுப்பு சட்டப்படி விலகிவிடக்கூடும். அதனால் எப்படியும் அவரை வங்கி கேட்கும். மச்சானோ பங்காளியோ, முதலிலேயே உட்காரவைத்துக் கணக்கைக் காட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் அவர் முரண்டு பிடித்து நின்றுபோன விண்ணப்பங்கள் நிறைய. இரண்டாவது, பாக்கியை நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். வழக்குக்கான காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும். பாக்கித் தொகையில் உங்களுக்குத் தகராறு இருந்தால், எந்தப் பதிவு தவறு என்று கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

"செட்டில்மென்ட்" என்ற வார்த்தை கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. அது பாக்கியைக் குறைத்து ஒரேயடியாக முடிப்பது. அது வேறு விண்ணப்பம், சிபிலில் அதன் கறையும் வேறு.

7. இணைக்க வேண்டியவை

கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட், அனுமதிக் கடித நகல், உத்யம் சான்று, கடைசி 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட், ஏப்ரலுக்கு முன்னும் பின்னுமான கூலி பில்கள், ஜி.எஸ்.டி ரிட்டர்ன், கடைசி ஆறு கரண்ட் பில்கள், இரண்டு ஆண்டு வருமான வரி ரிட்டர்ன், புது உற்பத்தியாளரின் கடிதம், மூன்றாம் படியில் எழுதிய வரவு செலவுத் தாள். உத்யம் பதிவு இல்லையென்றால் முதல் வேலையாக udyamregistration.gov.in தளத்தில் பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

உற்பத்தியாளரின் கடிதம் வாங்குவதுதான் இதில் சிரமம். எழுதிக் கொடுக்கத் தயங்குவார்கள். எத்தனை தறி, என்ன ரகம், மீட்டருக்கு என்ன கூலி என்ற மூன்றும் அவருடைய பில் தாளில் இருந்தால் போதும். உத்தரவாதம் என்ற சொல் வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

ஸ்டேட்மென்ட் வாங்கியதும் அபராதப் பதிவுகளைப் பாருங்கள். 2024 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி தவறிய தவணைக்கு அபராத வட்டி போடக்கூடாது, அபராதக் கட்டணம் மட்டுமே போடலாம். அந்தக் கட்டணத்தை அசலில் சேர்த்து வட்டி போடவும் கூடாது.

8. கொடுப்பதும் காத்திருப்பதும்

இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கிளையில் கொடுத்து, மற்றதில் தேதியுடன் கூடிய கிளை முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். "வச்சுட்டுப் போங்க, பார்க்கிறேன்" என்றால் அன்றே ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு, ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். கிளை மின்னஞ்சலுக்கும் ஒன்று அனுப்பலாம்.

10 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில், நீங்களாகவே விண்ணப்பித்தால் அது கிடைத்த ஐந்து வேலைநாளுக்குள் குழு கூட வேண்டும், முதல் கூட்டத்திலிருந்து 30 நாளுக்குள் என்ன வழி என்று முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. நடப்பில் இழுக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை, "குழுவுக்கு அனுப்பியாயிற்றா, என்ன காகிதம் குறைகிறது" என்று கேளுங்கள். காத்திருக்கும்போது ஆகஸ்ட் 5 அன்று 11,214 ரூபாயைக் கட்டாயம் கட்டுங்கள். அது நாள் எண்ணிக்கையை நிறுத்தாது, ஆனால் உங்கள் திட்டம் நடக்கக்கூடியது என்பதற்கு ஸ்டேட்மென்டில் அதைவிடச் சாட்சி இல்லை.

முப்பது நாளாகியும் பதிலே இல்லையென்றால் முதலில் வங்கியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் முப்பது நாளில் பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். பதில் தராமல் இழுத்தடிப்பதைப் பற்றி அங்கே புகார் செய்யலாம். "மறுசீரமைப்பு தரமாட்டோம்" என்ற முடிவு வங்கியின் வணிக முடிவு, அதை அங்கே மாற்ற முடியாது.

"மேலே ஆளிருக்கு, பர்சன்டேஜ் குடுத்தா முடிச்சுத் தர்றேன்" என்று வருபவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள். நியாயமான செலவு வங்கியின் பரிசீலனைக் கட்டணமும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டியும், மதிப்பீட்டாளர் வந்தால் அவருடைய கட்டணமும், புது ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாளும். எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. எவ்வளவு ஆகும் என்று விண்ணப்பம் கொடுக்கும் அன்றே கேளுங்கள்.

9. அனுமதி வந்த பிறகு

அனுமதிக் கடிதத்தில் நான்கு எண்களைச் சரிபாருங்கள்: அசல் பாக்கி, வட்டி விகிதம், வட்டி மட்டும் கட்டும் மாதங்கள், புதுத் தவணை. வட்டி மட்டும் கட்டும் காலத்தில் கட்டாத வட்டியை அசலில் சேர்ப்பதாக எழுதியிருந்தால் உங்கள் கணக்கு மாறிவிடும், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். புதிதாக வேறு சொத்தை அடமானமாகக் கேட்டால் அதுவும் இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும்.

கையெழுத்துப் போட்டபின் செய்ய வேண்டிய வேலை ஒன்று மிச்சமிருக்கிறது. பழைய 39,136 ரூபாயைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் உத்தரவு இன்னும் உயிரோடு இருக்கும். அதை ரத்து செய்து புதுத் தொகைக்கு எழுதிக் கொடுக்காவிட்டால், அடுத்த 5ஆம் தேதி பழைய தொகை கேட்டு வந்து திரும்பிப்போகும். ரிட்டர்ன் கட்டணம் விழும், புதுத் திட்டத்தின் முதல் மாதமே தவறிய மாதமாகப் பதிவாகும். முன்பு கொடுத்த தேதியிடாத காசோலைகள் இருந்தால் அவற்றின் எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.